கொக்கு எந்தத் தளத்தில் தெரிகிறது?

ராஜகுளத்து வயல்களில் உழவு நடக்கும்போது டிராக்டருக்குப் பின்னாலேயே உண்ணிக்கொக்குகள் இறங்கிவிடும். அந்தக் காட்சியை வரப்பில் நின்று 4000-க்கு 3000 பிக்சல் அளவில் படம் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். தூரத்துக் கொக்கு ஒன்று 40 பிக்சல் அகலத்தில் பதிகிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் எவரும் அதைக் கொக்கு என்று சொல்லிவிடுவார்கள். இதையே கணினியைக் கொண்டு எண்ணச் சொன்னால் என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி.

கணினி முதலில் படத்தைச் சுருக்குகிறது. குறுகிய பக்கம் 800 பிக்சல் என்பது இத்துறையில் நெடுநாள் பழகிய அளவு. அப்படிச் சுருக்கியதும் நம் கொக்கு 11 பிக்சல் ஆகிவிடுகிறது. பிறகு படம் ரெஸ்நெட் போன்ற நரம்பு வலையமைப்புக்குள் போகிறது. அங்கே தளம் தளமாக ஏற ஏற, அகலமும் உயரமும் பாதி பாதியாகக் குறைகின்றன. கடைசித் தளத்தில் ஒரு கட்டம் என்பது சுருக்கிய படத்தின் 32-க்கு 32 பிக்சல் பரப்புக்குச் சமம். அந்தக் கட்டத்தில் கொக்கின் பங்கு எட்டில் ஒன்றுதான். மிச்சமெல்லாம் சேறு.

அப்படியானால் இவ்வளவு மேலே ஏறுவானேன்? கீழ்த்தளத்தில் கட்டங்கள் பொடியாக இருக்கின்றன, இடம் துல்லியமாகத் தெரிகிறது. ஆனால் அங்கே கணினிக்குத் தெரிவது விளிம்பும் நிறமும் மட்டுமே. வெள்ளையாக ஒரு புள்ளி இருக்கிறது என்று சொல்லும். அது கொக்கா, வரப்பில் ஒதுங்கிய பிளாஸ்டிக் பையா, தேங்கிய நீரில் வெயில் பட்ட பளபளப்பா என்று சொல்லாது. சுற்றிலும் வயல், முன்னால் டிராக்டர், பக்கத்தில் இதே போல நாலைந்து வெள்ளை உருவங்கள் என்று பரந்து பார்த்த மேல்தளத்துக்குத்தான் அந்த அறிவு உண்டு. தாலுகா வரைபடமும் புலப்படமும் போலத்தான் இது: ஒன்றில் ஊரின் அமைப்பு தெரியும், மற்றதில் கிணற்றின் மூலை தெரியும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதன் வேலையைச் செய்ய முடியாது.

இந்தச் சிக்கலுக்கு முதலில் வழி சொன்னவர்கள் படத்தையே பல அளவுகளாக்கியவர்கள். பர்ட், ஏடல்சன் இருவரும் 1983-இல் வெளியிட்ட லாப்லாசியன் பிரமிட் அந்த மரபின் பெரிய பெயர். ஒரே படத்தைப் பல அளவுகளில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் தனித்தனியாகத் தேடுவார்கள். ஃபெல்சன்ஸ்வால்ப் குழுவினரின் உறுப்பு மாதிரி முறை, அளவு பாதியாவதற்குள் பத்துப் படி வைத்துத் தேடியது. முறை நேர்மையானது, குறை சொல்ல இடமில்லை. ஆனால் ஆழமான வலையமைப்பை ஒவ்வொரு அளவிலும் முழுதாக ஓட்டுவது என்றால் நேரமும் நினைவகமும் தாங்காது. அதனால் அடுத்து வந்த ஃபாஸ்டர் ஆர்-சிஎன்என் போன்றவை ஒரே அளவுப் படம், ஒரே தளம் என்று நின்றன. சிறியவை அங்கேதான் தொலைந்தன.

2016-இல் வந்த எஸ்எஸ்டி முறை, எப்படியும் கணக்கிட்ட தளங்கள்தானே என்று பல தளங்களிலிருந்து நேரடியாக விடை கேட்டது. நல்ல யோசனை. ஆனாலும் கீழ்த்தளங்களுக்குப் பொருளறிவு போதாது என்பதால், அது நடுத்தளத்திலிருந்துதான் தொடங்கியது. கொக்குக்குத் தேவையான பொடிக் கட்டங்கள் வெளியே நின்றுவிட்டன.

இங்கேதான் ஃபீச்சர் பிரமிட் நெட்வொர்க் வருகிறது. சுங்-யி லின், பியோத்ர் டாலர், ராஸ் கிர்ஷிக், கைமிங் ஹெ, பரத் ஹரிஹரன், செர்ஜ் பெலோங்கி ஆகிய அறுவர் 2016 டிசம்பரில் வெளியிட்டு, 2017-இல் சிவிபிஆர் மாநாட்டில் அளித்த கட்டுரை அது. மேலே ஏறிய வழியிலேயே அறிவைக் கீழே இறக்கிக்கொண்டு வந்தார்கள். உச்சித் தளத்தை எடுத்து, ஒவ்வொரு கட்டத்தையும் நான்காகப் பிரதியெடுத்து இருமடங்கு பெரிதாக்குகிறார்கள். அதற்கு நேர் எதிரே, ஏறும்போது கிடைத்த அதே அளவுள்ள தளம் காத்திருக்கிறது. அதை 1×1 கன்வல்யூஷன் வழியாக 256 சேனலாக்கி, இரண்டையும் கட்டத்துக்குக் கட்டம் கூட்டுகிறார்கள்; இதுதான் பக்கவாட்டு இணைப்பு. பெரிதாக்கியதில் வரும் பிசிறைத் தீர்க்க 3×3 கன்வல்யூஷன் ஒன்று. இப்படியே படிப்படியாக, ஒரு கட்டம் 4 பிக்சலுக்குச் சமமான தளம் வரைக்கும் இறங்குகிறார்கள். அங்கே நம் கொக்கு அகலத்தில் ஏறக்குறைய மூன்று கட்டம் பிடிக்கிறது. அந்தக் கட்டங்களுக்கு இப்போது மேல்தளத்தின் அறிவும் உண்டு.

யூ-நெட் 2015-இலேயே இப்படி ஏறி இறங்கியது என்பது உண்மைதான். ஆனால் அது கடைசியாக இறங்கிய ஒரே தளத்தில் விடை சொன்னது. இங்கே எல்லாத் தளங்களும் விடை சொல்கின்றன: டிராக்டருக்கு மேல்தளம், கொக்குக்குக் கீழ்த்தளம்.

அந்தக் கட்டுரையில் நான் மிகவும் மதிக்கும் பகுதி, அமைப்பின் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்த அட்டவணை. பக்கவாட்டு இணைப்பைக் கழற்றினால், பொருள் இருக்கக்கூடிய இடங்களைக் கண்டுபிடிக்கும் மதிப்பெண் 10 புள்ளி விழுகிறது. மேலிருந்து இறங்கிய தளம் பலமுறை சுருங்கி விரிந்ததால், எது எங்கே என்பது அதில் கலங்கிப்போகிறது. ஏறும்போது கிடைத்த தளம்தான் இடத்தைத் திருத்தித் தருகிறது. எல்லாம் சேர்ந்தபோது, சிறிய பொருள்களில் மட்டும், ஒரே தளத்தை நம்பிய முறையைவிட 12.9 புள்ளி உயர்ந்தது.

சிறியது என்றால் எவ்வளவு சிறியது? கோகோ தரவுத்தொகுப்பு வகுத்த அளவுகோலின்படி, 32-க்கு 32 பிக்சலுக்குக் குறைந்த பரப்புள்ளது சிறியது. பெட்டி சரியா என்று பார்க்கும் அளவுகோல் வேறு. கணினி வரைந்த பெட்டிக்கும் உண்மைப் பெட்டிக்கும் பொதுவான பரப்பை, இரண்டும் சேர்ந்த மொத்தப் பரப்பால் வகுப்பார்கள். 110 பிக்சல் பெட்டி குறுக்கிலும் நெடுக்கிலும் 2 பிக்சல் நகர்ந்தால் மதிப்பு 0.93. நம் 11 பிக்சல் கொக்குக்கு அதே நகர்வு நேர்ந்தால் 0.50. வழக்கமான தேர்ச்சிக் கோடும் 0.50-தான். பிழை ஒன்றே என்றாலும், பெரியதற்கு அது பொருட்டில்லை. சிறியதற்கு வாழ்வா சாவா.

பின்னால் கிளைகள் பல வந்தன. 2017-இன் ரெட்டினாநெட் கணக்குச் செலவைக் கருதி 4 பிக்சல் தளத்தையே விட்டுவிட்டது. செலவு உண்மைதான்: நம் படத்துக்கு அந்தத் தளத்தில் மட்டும் 53,000-க்கு மேல் கட்டங்கள், உச்சியிலோ 850. ஆனால் வயல் கொக்குகளை எண்ணுபவர் அதை விடக்கூடாது என்பதே என் கட்சி. 2021-இல் வந்த யோலோஎஃப் வேறொரு கேள்வியை எழுப்பியது: பலன் தளங்களைக் கலந்ததால் வந்ததா, அளவுக்கேற்பப் பொருள்களைத் தளங்களுக்குப் பங்கிட்டதால் வந்ததா? பங்கீடுதான் பெரும் காரணம் என்று அவர்கள் வாதிட்டார்கள். அந்த வாதத்தில் வலு இருக்கிறது.

எந்தக் கிளையாலும் செய்ய முடியாத ஒன்று உண்டு. முதல் படியில் சுருக்கியபோது போன 29 பிக்சலை பிரமிட் மீட்டுத் தராது. இன்னொரு தடையும் இருக்கிறது. மூல அமைப்பில் கணினி தேடத் தொடங்கும் மிகச் சிறிய மாதிரிப் பெட்டி 32 பிக்சல். 11 பிக்சல் கொக்கோடு அதைப் பொருத்தினால் மதிப்பு 0.12-தான். அதனால் பயிற்சியில் கொக்கைச் சுற்றியுள்ள பெட்டிகள் ஏறக்குறைய எல்லாமே வெறும் பின்னணி என்று கணக்காகிவிடும்.

ஆகவே படத்தை முதலில் வெட்ட வேண்டும். 1000 பிக்சல் சதுரங்களாக, பக்கத்துச் சதுரத்தோடு 100 பிக்சல் மேற்படியும்படி வெட்டினால் 20 துண்டு வரும். வெட்டுக்கோட்டில் சிக்கும் கொக்கு ஏதாவது ஒரு துண்டில் முழுதாக இருக்கும். இரண்டு துண்டிலும் எண்ணப்பட்டதை ஒன்றாக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு துண்டும் 800-க்குச் சுருங்கும்போது கொக்கு 32 பிக்சலில் நிற்கும். கீழ்த்தளத்தில் எட்டுக் கட்டம், மாதிரிப் பெட்டிக்கும் சரியான பொருத்தம். வேலை ஏறக்குறைய 15 மடங்காகும். தொடங்குமுன், சுருக்கிய பிறகு கொக்குகள் எத்தனை பிக்சல் என்று அடையாளமிட்ட பெட்டிகளை அளந்து பார்த்துவிட வேண்டும். முடிந்தபின் சிறியவற்றின் மதிப்பெண்ணைத் தனியாகக் கேட்க வேண்டும். மொத்த மதிப்பெண்ணில் டிராக்டர்கள் கொக்குகளை மறைத்துவிடும்.