பன்னிரண்டு மாதம் காத்திருப்பது யாருக்கு லாபம்?

கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோட்டுப் பக்கம் பங்குத் தரகர் அலுவலகத்தில் யாராவது பங்கை விற்க வந்தால், முதலில் எழும் கேள்வி "வாங்கி வருசம் ஆயிருச்சுங்களா?" என்பதுதான். ஆகவில்லை என்றால் பலர் விற்பதைத் தள்ளிப்போட்டுவிடுவார்கள். இந்தப் பழக்கத்தில் பாதி நியாயம் உண்டு. மீதிப் பாதி கணக்குப் போட்டுப் பார்க்காததால் வருவது.

சட்டம் சொல்வது எளிது. சந்தையில் பட்டியலிடப்பட்ட பங்கை வாங்கிப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் நீண்டகால ஆதாயம். அதற்குள் விற்றால் குறுகியகால ஆதாயம். 2024 ஜூலை 23 முதல் குறுகியகாலத்துக்கு 20 சதவீத வரி. நீண்டகாலத்துக்கு, ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை; அதற்கு மேல் 12.5 சதவீதம். இரண்டிலும் வரியின் மேல் 4 சதவீத செஸ் உண்டு.

ஒரு சிறு முதலீட்டாளரை எடுத்துக்கொள்வோம். 400 ரூபாய் விலையில் 500 பங்குகள் வாங்கினார். இப்போது விலை 600. லாபம் ஒரு லட்சம். வருசம் முடியும் முன் விற்றால் செஸ்ஸோடு 20,800 ரூபாய் வரி. முடிந்தபின் விற்றால், அந்த ஆண்டில் வேறு நீண்டகால ஆதாயம் இல்லாதவரை, வரியே கிடையாது. அதாவது காத்திருக்கும் நாட்களில் விலை 559 ரூபாய் வரை, ஏறத்தாழ 7 சதவீதம், இறங்கினாலும் அவருக்கு நட்டமில்லை.

அதே பங்கை 5,000 எண்ணிக்கையில் வைத்திருப்பவருக்கு லாபம் பத்து லட்சம். இன்று விற்றால் வரி 2,08,000. காத்திருந்து அதே விலைக்கு விற்றால் 1,13,750. மிச்சம் பெரிய தொகைதான். ஆனால் விலை 578 ரூபாய்க்குக் கீழே, அதாவது மூன்றரை சதவீதத்துக்குச் சற்று மேல் இறங்கினாலே அந்த மிச்சம் முழுவதும் போய்விடும். ஒரே வாரத்தில் அவ்வளவு இறங்கும் பங்குகள் ஏராளம். ஆக, வருசம் முடிய நான்கு நாள் இருக்கும்போது பொறுத்திருப்பது புத்திசாலித்தனம். எட்டு மாதம் இருக்கும்போது, நிறுவனத்தின் மேல் நம்பிக்கை போன பின்னும் வரிக்காகவே பங்கைப் பிடித்துக்கொண்டிருப்பது சூதாட்டம்.

நட்டத்தில் கணக்கு தலைகீழாகிறது. குறுகியகால நட்டத்தை இரண்டு வகை ஆதாயத்திலும் கழிக்கலாம். நீண்டகால நட்டத்தை நீண்டகால ஆதாயத்தில் மட்டுமே கழிக்க முடியும். நட்டத்தில் கிடக்கும் பங்கைப் பதினோராம் மாதம் விற்றால், 20 சதவீத வரி விழும் லாபத்தைக்கூட அது குறைக்கும். பதின்மூன்றாம் மாதம் விற்றால் அந்த வழி அடைபட்டுவிடும். கழித்தது போக மீதி நட்டத்தை எட்டு ஆண்டுகள் கொண்டுசெல்லலாம், வருமான வரிக் கணக்கைக் கெடுவுக்குள் தாக்கல் செய்திருந்தால். லாபத்துக்குச் சொன்ன அதே அறிவுரையை நட்டத்துக்கும் சொல்லும் தரகர், வாடிக்கையாளருக்குக் கெடுதல்தான் செய்கிறார்.

தேதியிலும் கவனம் வேண்டும். சட்டம் கேட்பது பன்னிரண்டு மாதத்துக்கு மேல். 2024 ஆகஸ்ட் 12 அன்று வாங்கியதை 2025 ஆகஸ்ட் 13 முதல் விற்பதே பத்திரம். மாதாமாதம் வாங்கிச் சேர்ப்பவருக்கு ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனி வருசம் ஓடுகிறது. டீமேட் கணக்கில் முதலில் வந்தது முதலில் விற்றதாகவே கொள்ளப்படும். போனஸ் பங்குகளுக்கு ஒதுக்கப்பட்ட நாளிலிருந்துதான் கணக்கு. வாங்கிய விலை பூஜ்யம். பழைய பங்கோடு சேர்ந்து அதற்கும் வருசம் ஆகிவிட்டது என்று நினைப்பவர் ஏமாறுவார்.

இந்தக் கோட்டைச் சட்டம் ஏன் போட்டது? அடிக்கடி வாங்கி விற்பதைக் குறைத்து, பணம் நிறுவனங்களில் தங்கட்டும் என்பதற்காக. அந்த நோக்கம் ஓரளவு பலிக்கிறது. அவசர விற்பனைக்கு அது ஒரு தடை. சலுகை மிகையானபோது வந்த கெடுதலையும் பார்த்தோம். 2004 அக்டோபர் முதல் 2018 மார்ச் வரை நீண்டகால ஆதாயத்துக்கு வரியே இல்லை. ஊர் பேர் தெரியாத நிறுவனங்களின் பங்கு விலையைச் செயற்கையாக ஏற்றி, கறுப்புப் பணத்தை வரியில்லாத லாபமாகக் காட்டிய கதைகள் அப்போதுதான் வெளிவந்தன.

இன்றைய விதியின் பெரிய குறை, கோடு ஒன்றே ஒன்றாக இருப்பது. கோயம்புத்தூர் ஆலைப் பங்கை இருபது வருசம் பொறுத்து வைத்திருந்தவருக்கும், பதின்மூன்றாம் மாதம் விற்றவருக்கும் ஒரே 12.5 சதவீதம். 2018 ஜனவரி 31க்கு முந்தைய ஏற்றத்துக்கு விலக்கு உண்டு. அதற்குப் பின் வந்த லாபத்தில் விலைவாசி உயர்வுக்கென்று எதுவும் கழிப்பதில்லை. ஒரு நாள் முன்பின் ஆனதற்கு ஏழரை சதவீத வித்தியாசம் வைக்கும் சட்டம், பதினெட்டு, பத்தொன்பது வருசப் பொறுமைக்கு எதையும் தருவதில்லை. மூன்று, ஐந்து ஆண்டுகளில் படிப்படியாகக் குறையும் விகிதம் இருந்தால் அதை நீண்டகாலத்துக்கான சலுகை என்று சொல்லலாம். இப்போது இருப்பது முதல் பிறந்தநாளுக்கான சலுகை மட்டுமே.