சதவீதம் ஏறியது, தம்ப்நெயில் தோற்றது

கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத் தண்டவாளத்தில் ஏறும் நீலகிரி மலை ரயில் பற்றி ஒரு யூடியூப் வீடியோ. தம்ப்நெயிலில் நீராவி இன்ஜின், தலைப்பில் ‘ஊட்டி மலை ரயில் பயணம்’. முதல் வார ஸ்கோர் இப்படி என்று வைத்துக்கொள்வோம்: இம்ப்ரெஷன் 44,000, கிளிக் 1,600, விகிதம் 3.6%.

போதாது என்று இன்ஜினை எடுத்துவிட்டு, வாய் பிளந்து நிற்கும் முகத்தைப் போட்டு, தலைப்பையும் மாற்றுகிறார் சேனல்காரர். அடுத்த வாரம் இம்ப்ரெஷன் 5,000, கிளிக் 280, விகிதம் 5.6%. ஜெயித்துவிட்டதாகவே தோன்றும்.

எந்தப் பந்துவீச்சுக்கு எதிரே எடுத்த ரன் என்று பார்க்காமல் பேட்ஸ்மேனின் சராசரியை எடைபோட முடியாது. இங்கும் அதே கதைதான். படம் திரையில் பாதியாவது தெரிந்து ஒரு விநாடிக்கு மேல் நின்றால்தான் யூடியூப் அதை ஒரு இம்ப்ரெஷனாகக் கணக்கில் எடுக்கிறது. ஆனால் யார் கண்ணில் பட்டது என்பதை மொத்தக் கணக்கு சொல்லாது. ஊட்டி ரயிலைத் தேடி வருபவர் பயணத்துக்குத் தயாராக இருப்பவர். முகப்புப் பக்கத்தைத் தள்ளிக்கொண்டே போகிறவருக்கு ரயில் நினைப்பே இருக்காது.

எனவே வருகை வழியைப் பிரித்துப் பார்ப்போம். முதல் வாரம் தேடலில் 4,000 இம்ப்ரெஷனுக்கு 400 கிளிக், அதாவது 10%. முகப்பில் 40,000-க்கு 1,200, அதாவது 3%. இரண்டாம் வாரம் தேடலில் 3,000-க்கு 240, அது 8%. முகப்பில் 2,000-க்கு 40, வெறும் 2%. இரண்டு களத்திலும் புதிய படமும் தலைப்பும் சேர்ந்து தோற்றிருக்கின்றன. ஆனாலும் மொத்த விகிதம் ஏறியது ஏன்? குறைவாகக் கிளிக் விழும் முகப்பு இம்ப்ரெஷன் சரிந்து, தேடலின் பங்கு கூடியதுதான் காரணம்.

நீலகிரியில் இந்த மயக்கத்துக்கு வாய்ப்பு அதிகம். ஏப்ரல், மே சீசனில் தேடல் தானாகவே பெருகும். அந்த நேரத்தில் மாற்றிய எந்தத் தம்ப்நெயிலும் வெற்றி பெற்றதுபோல் தெரியும். சீசன் முடிந்ததும் நல்ல படம்கூடத் தோற்றதாகப் படும்.

ஒரே வருகை வழியை, சீசன் மாறாத இரண்டு காலகட்டங்களில் ஒப்பிடுவதே சரியான சோதனை. அதிலும் எண்ணிக்கை வேண்டும். 100 இம்ப்ரெஷனில் விழுந்த 5 கிளிக், அடுத்த நூறில் அதே படத்துக்கு 3 ஆகலாம், 8 ஆகலாம். அதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. படத்தையும் தலைப்பையும் சேர்த்து மாற்றியதால், சரிவுக்கு எது காரணம் என்பதும் தெரியாமல் போகிறது.

விகிதம் உண்மையிலேயே ஏறினாலும், பார்த்த நேரத்தையும் சரிபார்க்க வேண்டும். வாய் பிளந்த முகத்தை நம்பி உள்ளே வந்தவர் அரை நிமிடத்தில் வெளியேறினால், அந்தக் கிளிக்கால் பயனில்லை. யூடியூபே தன் தம்ப்நெயில் சோதனையில் வெற்றியாளரைப் பார்த்த நேரத்தின் பங்கை வைத்துத்தான் தேர்ந்தெடுக்கிறது. நம் சேனல்காரர் செய்ய வேண்டியது, இன்ஜினைத் திரும்பப் போட்டு, தலைப்பை மட்டும் மாற்றிப் பார்ப்பது.