நேர்காணலின் வரிசையும் தொழிலின் வரிசையும்: சுவாமிமலைப் படிம வார்ப்பை முன்வைத்து

முன்னுரை

கைவினைஞரின் ஒலிப்பதிவு நேர்காணலைச் செய்முறைப் படிகள், கருவிகள், மூலப்பொருள்கள் எனப் பகுத்துச் சுருக்குவது களஆய்வில் வழக்கமாக உள்ளது. இச்சுருக்கம் பிழைபடும் இடங்களைச் சுவாமிமலை மெழுகு வார்ப்பைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

வரிசை பிறழ்தல்

கைவினைஞர் செய்யும் வரிசையில் பேசுவதில்லை. நினைவு எழும் வரிசையில் பேசுகிறார். மெழுகின் எடையைப் போல் எட்டு முதல் பத்து மடங்கு உலோகம் வேண்டும் என்னும் செய்தி, உலோகம் உருக்குவதை விளக்கும்போதே பெரும்பாலும் வெளிப்படும். பதிவை அவ்வாறே பின்தொடரும் சுருக்கம், எடையிடுதலை உருக்குதலின் கீழ் அமைத்துவிடுகிறது. அந்நிலையில் எடையிட மெழுகுருவம் இல்லை. அது அச்சிலிருந்து உருகி வெளியேறியிருக்கும். ஆகவே, மெழுகுருவம் நிறைவுற்ற பின்னர், அதன்மீது முதல் வண்டல் மண் பூச்சு இடுவதற்கு முன்னர் எடையிடுதல் இடம்பெற வேண்டும். இரண்டு கிலோ மெழுகுருவத்திற்குப் பதினாறு முதல் இருபது கிலோ உலோகம் தேவைப்படும். இக்கணக்குத் தவறி உலோகம் குறைந்தால் படிமம் முழுமை பெறாது.

உடனிகழ்வு மறைதல்

அச்சைச் சுட்டு மெழுகை வெளியேற்றுவதும், மூசையில் உலோகத்தை உருக்குவதும் ஒருங்கே நடைபெறுபவை. இவற்றை ஏழு, எட்டு என எண்ணிட்டால் ஒன்று முடிந்த பின்னரே மற்றொன்று தொடங்குவதாகப் பொருள்படும். அவ்வாறு செய்தால் உலோகம் உருகுவதற்குள் அச்சு ஆறிவிடும். ஆறிய அச்சில் உலோகம் குறுகிய பகுதிகளை எட்டுமுன் உறைவதால் விரல் போன்ற நுண்ணுறுப்புகள் நிரம்பாமல் போகும். இவ்விரண்டையும் ‘7அ’, ‘7ஆ’ எனக் குறித்து, ‘அச்சு சூடாக இருக்கும்போதே வார்க்க வேண்டும்’ என்னும் நிபந்தனையையும் சேர்த்தெழுதுவதே பொருந்தும். ‘நிழலில் காயவிடுதல்’ என்பதைக் ‘காயவிடுதல்’ எனக் குறுக்குவதும் இத்தகைய இழப்பே. வெயிலில் மெழுகு இளகி உருவம் சிதையக்கூடும்.

பட்டியலின் எல்லை

தென்னங்கீற்றிலிருந்து நறுக்கப்படும் ஒடியோலை, படிமத்தின் உயரத்திற்கேற்ப அமைந்து, தாலப் பகுப்புகளாக மடிக்கப்படுகிறது. பொருளால் அது ஓலை, பயனால் அளவுகோல். இதை மூலப்பொருள் பட்டியலில் சேர்த்தால் தேன்மெழுகு, குங்கிலியம் ஆகியவற்றோடு ஒன்றாகிவிடும். கருவிப் பட்டியலில் வெறும் பெயராக இட்டால் உளி, அரம் போல நிலையான கருவி எனத் தோன்றும். ஒவ்வொரு படிமத்தின் உயரத்திற்கும் தனியே உருவாக்கப்படும் அளவுகோல் இது என்னும் குறிப்புடன் கருவிப் பட்டியலில் இடுவதே தகும்.

முடிவுரை

படிநிலைச் சுருக்கம் பதிவின் நகலன்று, ஆய்வாளரின் விளக்கமே. எனவே, ஒவ்வொரு படிக்கும் எதிரே ஒலிப்பதிவின் நேரக்குறிப்பை இட்டு, வரிசை மாற்றப்பட்ட இடங்களையும் சுட்டுதல் வேண்டும். அதன்பின் சுருக்கத்தைக் கைவினைஞரிடமே படித்துக்காட்டித் திருத்திக்கொள்ளுதல் வேண்டும். மெழுகை எப்போது எடையிடுவது என்னும் ஐயம் அங்கேயே தீரும்.