நான்கு கட்டங்களும் இரண்டு இரதங்களும்

கெலுகோரில் இயங்கும் ஒரு சங்கம் தைப்பூசப் படம் ஒன்றை முகநூலில் போடப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். படக்குறிப்பு இது: ‘தங்க இரதம் தண்ணீர்மலையை வந்தடைந்தபோது துணை முதல்வருடன் சங்க உறுப்பினர்கள்.’ சங்கத்தின் சரிபார்ப்புப் பட்டியலில் தகவல், அனுமதி, தொனி, எழுத்து என நான்கு கட்டங்கள். செயலாளர் ஒருமுறை படிக்கிறார், நான்கிலும் டிக் போடுகிறார். தவறு உள்ளே இருந்தால் அப்படியே வெளியே போகும்.

பினாங்கில் ஓடுவது இரண்டு இரதங்கள். நகரத்தாரின் வெள்ளி இரதம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து ஓடுவது. அது போய்ச் சேருவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலுக்கு. இந்து அறப்பணி வாரியத்தின் தங்க இரதம் 2017இல் வந்தது. குயின் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து மலைக்கோயிலை நோக்கிப் போகும். மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் வெள்ளியும் பொன்னாகத் தெரியும். ஆகவே படத்தை உற்றுப் பார்ப்பது மட்டும் சரிபார்ப்பு ஆகாது. படம் எடுத்தவரிடம் எந்தத் தெரு, எத்தனை மணி என்று கேட்க வேண்டும். பழைய படமென்றால் ஆண்டு ஒன்றே போதும்: 2017க்கு முந்தையது தங்க இரதமாக இருக்க வழியில்லை. துணை முதல்வர் விஷயமும் அப்படித்தான். 2008 முதல் பினாங்கில் அந்தப் பதவியில் ஒரே நேரத்தில் இருவர் இருக்கிறார்கள். பேராசிரியர் ராமசாமி 2023 வரை இரண்டாம் துணை முதல்வர். இன்று அவர் இருக்கும் பழைய படத்தைப் போட்டால் ‘அப்போதைய’ என்ற சொல் விட்டுப்போகக் கூடாது.

பட்டியலின் முதல் குறை இங்கே புலப்படுகிறது. ‘தகவல் சரியா?’ என்று அது கேட்கிறது. ‘எதை வைத்துச் சரியென்கிறாய்?’ என்று கேட்பதில்லை. டிக் என்பது ஒருவர் பார்த்தார் என்பதற்குத்தான் சாட்சி. அந்தக் கட்டத்தில் டிக்குக்குப் பதில் ஆதாரத்தை எழுதச் சொன்னால், அதாவது யாரிடம் கேட்டோம், எந்த அழைப்பிதழைப் பார்த்தோம் என்று எழுதச் சொன்னால், பாதித் தவறுகள் அங்கேயே சிக்கிவிடும். வேலை கூடும் என்பது உண்மைதான். நாளைக்கு இருபது படம் போடும் திருவிழா நேரத்தில் எல்லாவற்றுக்கும் இது நடக்காது. பெயரும் பதவியும் உள்ள படங்களுக்காவது நடக்க வேண்டும்.

எழுத்துக் கட்டத்தில் பட்டியல் நன்றாகவே வேலை செய்கிறது. அலுப்பில் கண் தாண்டிப்போகும் ஒற்றையும் பெயரையும் அது நிறுத்திப் பார்க்க வைக்கும். ஆனால் இன்னொருவர், படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெயர்களைத் தலைகளோடு எண்ணிப் பார்க்க வேண்டும். இன்ஸ்டாகிராமுக்காக ஓரத்தை வெட்டியதில் ஆறாவது ஆள் காணாமல் போயிருப்பார். குறிப்பில் ஆறு பெயரும் அப்படியே நிற்கும். செல்ஃபியானால் சில போன்களில் படம் கண்ணாடிபோல் திரும்பிவிடும், ‘இடமிருந்து வலம்’ தலைகீழாகிவிடும். பின்னணிப் பலகையின் எழுத்து திரும்பியிருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

அனுமதியைப் பதிவேற்றும் நேரத்தில் சரிபார்ப்பதுதான் எனக்குப் பெரிய பிழையாகப் படுகிறது. பதிவேற்றும் மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. சிகிச்சையின்போது நோயாளியின் சம்மதமின்றி மருத்துவர் படம் எடுத்த வழக்கில், அது அந்தரங்கத்தில் தலையிட்டதாகும் என்று பினாங்கு உயர் நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. மருத்துவக் குறிப்புக்காக எடுத்தேன் என்ற வாதம் எடுபடவில்லை. சிகிச்சைக்குத் தந்த சம்மதம் படத்துக்கான சம்மதம் ஆகவில்லை. சங்கப் படங்களுக்கு அந்தத் தீர்ப்பு நேரே பொருந்தாது என்றாலும் படிகள் அதேதான். எடுக்கச் சம்மதம் ஒன்று, போடச் சம்மதம் வேறு, பெயரோடு போடச் சம்மதம் மூன்றாவது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளையின் படத்தில் முழுப்பெயரும் வகுப்பும் சேரும்போது அந்த மூன்றாவதைப் பெற்றோரிடம்தான் கேட்க வேண்டும். இந்தச் சம்மதங்களைக் கேமராவோடு போகிறவர் அங்கேயே குறித்துக்கொண்டு வர வேண்டும். புகைப்படக்காரரின் பெயரும் அந்தக் குறிப்பிலேயே இருக்கட்டும்.

தொனியைக் கட்டத்துக்குள் அடைக்க முடியாது. ‘மரியாதையாக இருக்கிறதா?’ என்ற கேள்விக்கு எழுதியவர் எப்போதும் ஆம் என்பார். அலகு குத்தி அருள்வந்து நிற்பவர் படத்துக்கு ‘மெய்சிலிர்க்கும் காட்சி’ என்று எழுதியிருந்தால், அவர் இதைத் தன் வீட்டாருக்குக் காட்டுவாரா என்று கேட்பது ஓரளவு உதவும். அந்தக் கேள்வியும் பழக்கமானால் சடங்காகிவிடும். தொனியைப் பொறுத்தவரை ஆளை மாற்றிப் படிக்கச் சொல்வதை விட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. மூத்தவர் ஒருவர், இளையவர் ஒருவர், முடிந்தால் காவடி எடுத்த பழக்கமுள்ள ஒருவர்.

நான்கு கட்டங்களும் பதிவேற்றும் நொடியோடு முடிந்துவிடுகின்றன. முகநூலில் குறிப்பைப் பிறகும் திருத்தலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பியதைத் திருத்தப் பதினைந்து நிமிடம்தான். அதற்குள் வேறு குழுக்களுக்குப் போன நகல்களில் அந்தத் திருத்தமும் ஏறாது. சங்கச் செய்திகள் பெரும்பாலும் பரவுவது அங்கேதான். ‘தவறென்றால் யார், எந்தெந்தக் குழுவில் திருத்தம் போடுவது?’ என்பது ஐந்தாவது கட்டமாக வர வேண்டும். அதில் ஒருவர் பெயர் எழுதியிருக்க வேண்டும்.