எந்திர அறை வாட்ச் அறிவுரையின் தமிழாக்கம்: பில்ஜ், பாலஸ்ட் சொற்கள்

திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியில் கடல் இல்லை. ஆனால் இங்கே செய்யப்படும் கார்கள் எண்ணூர், சென்னைத் துறைமுகங்களில் கப்பலேறுகின்றன. பென்னலூரில் உள்ள ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரியில் கப்பல் பொறியியல் பட்டப்படிப்பு நடக்கிறது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்த இளைஞருக்குத் தொழிற்சாலைக்கு அடுத்த வழியாகக் கப்பலின் எந்திர அறை வேலையும் இருக்கிறது. இத்தகைய வாசகருக்கு எந்திர அறை வாட்ச் அறிவுரையைத் தமிழில் எழுதும்போது, பில்ஜ், பாலஸ்ட் பற்றிய வரிகளில் மொழிபெயர்ப்பு எங்கே தடுமாறுகிறது என்பதை இக்கட்டுரை பார்க்கிறது.

முதலில் இந்தத் தமிழ்த் தாளின் இடம் எது என்று தெளிவாக வேண்டும். சோலாஸ் உடன்படிக்கையின் ஐந்தாம் அத்தியாயப்படி ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பணிமொழி உண்டு. அதில் வரும் ஆணையை மாலுமி புரிந்துகொள்ள வேண்டும். பன்னாட்டு மாலுமிகள் கலந்திருக்கும் கப்பல்களில் அது பெரும்பாலும் ஆங்கிலம். வால்வின் மேல் உள்ள பித்தளைத் தகட்டிலும் ஆங்கிலமே இருக்கும். எனவே தமிழ்த் தாள் அந்தத் தகட்டுக்கு மாற்றாக முடியாது. படிக்கும்போது பொருள் விளங்கவும், விளங்கிய பின் சரியான வால்வின் முன் போய் நிற்கவும் அது உதவ வேண்டும். தமிழாக்கம் நன்றா இல்லையா என்பதற்கு நான் வைக்கும் அளவுகோல் இது ஒன்றுதான்.

இந்த அளவுகோலில் தனித்தமிழாக்கம் தோற்கிறது. பில்ஜ் என்பதற்குக் 'கழிவுநீர்' என்று எழுதுவது முதலில் தோன்றும் வழி. ஆனால் எந்திர அறையிலேயே கழிப்பறைக் கழிவுநீருக்கென்று தனித் தொட்டியும் பம்பும் இருக்கின்றன. அதற்கு மார்போல் உடன்படிக்கையில் நான்காம் இணைப்பு, எண்ணெய் கலந்த பில்ஜ் நீருக்கு முதல் இணைப்பு. இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டினால் புதிதாக வந்தவர் தவறான பம்பின் முன் நிற்பார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆங்கிலத்தில் பில்ஜ் என்ற ஒரே சொல் மூன்றைக் குறிக்கிறது: கப்பலின் அடிப்பகுதி, அங்கே நீர் சேரும் பள்ளம், சேர்ந்த நீர். ஆங்கிலம் படிப்பவர் இடம் பார்த்துப் பிரித்துக்கொள்வார். தமிழில் பின்சொல் சேர்த்தால் தாளே பிரித்துக் கொடுத்துவிடும்: பில்ஜ் தளம், பில்ஜ் குழி, பில்ஜ் நீர். பள்ளத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைக் 'கிணறு' என்று பெயர்ப்பது பொருந்தாது. அது ஒரு மனிதன் இறங்கிச் சுத்தம் செய்யும் அளவுள்ள பெட்டிக் குழி. லேத்துக்குக் கீழே கூலண்ட் சேரும் குழியைப் பார்த்த ஒரகடத்து ஃபிட்டருக்கு 'குழி' என்றால் போதும். கடன்சொல் வந்துவிட்டதே என்று வருந்துவோருக்கு ஒன்று சொல்லலாம்: நாம் தமிழாகவே எண்ணும் நங்கூரமும் சுக்கானும்கூடப் பாரசீகம், அரபு வழியாகக் கடலில் வந்து சேர்ந்தவைதாம்.

ஆனால் பெயர்ச்சொற்களை விட வினைச்சொற்களில்தான் ஆபத்து அதிகம். நான் இங்கே நெடுநேரம் நிற்க விரும்புவது 'வெளியேற்று' என்ற ஒரு வினையில்.

ஆங்கில அறிவுரைகளில் பில்ஜைப் பம்ப் செய்து அகற்று என்ற பொருளில் ஒரு தொடர் அடிக்கடி வரும். அங்கே அகற்றுவது குழியிலிருந்து. நீர் போய்ச் சேர்வது கப்பலுக்குள்ளேயே உள்ள பில்ஜ் ஹோல்டிங் டேங்க்குக்கு. 'பில்ஜ் நீரை வெளியேற்றவும்' என்று தமிழில் எழுதியவுடன் படிப்பவர் மனத்தில் கடல் வந்துவிடுகிறது. நம் வழக்கில் வெளியேற்றுவது என்றால் வீட்டுக்கு வெளியே, ஆலைக்கு வெளியே. தோணியில் சேர்ந்த நீரை இறைத்துக் கடலில் கொட்டுவதையே பார்த்து வளர்ந்த மீனவக் குடும்பத்துப் பிள்ளைக்கு இந்தப் பொருள் இன்னும் உறுதியாகும்.

கடலில் விடுவதற்கு உரிய விதி வேறு. கப்பல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நீர் எண்ணெய்ப் பிரிப்பானின் வழியாகப் போக வேண்டும். வெளிவரும் நீரில் எண்ணெய் 15 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது. மேலே போனால் அளவுக்கருவி எச்சரித்து, நீரைக் கடலுக்கு விடாமல் நிறுத்தவோ உள்ளே திருப்பவோ செய்யும். இந்த 15-ஐயும் விளக்காமல் விடக் கூடாது. பத்து இலட்சத்தில் பதினைந்து பங்கு என்பது சரி, ஆனால் மனத்தில் பதியாது. 10,000 லிட்டர் நீரில் 150 மில்லி எண்ணெய், அதாவது ஒரு தண்ணீர் லாரியில் ஒன்றரைச் சிறு டம்ளர் என்று அடைப்புக்குள் சேர்த்துவிட்டால் வகுப்பில் யாரும் மறக்க மாட்டார்கள்.

இந்த விதியை மீறுவதன் விலை பெரிது. கரீபியன் பிரின்சஸ் என்ற பயணக் கப்பலில் பிரிப்பானைச் சுற்றிக் கள்ளக் குழாய் போட்டு எண்ணெய் நீரைக் கடலில் விட்டதை 2013-இல் புதிதாகச் சேர்ந்த ஒரு பொறியாளர் அதிகாரிகளுக்குத் தெரிவித்தார். 2016-இல் அந்நிறுவனம் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 4 கோடி டாலர் தண்டம் கட்ட இசைந்தது. அது தெரிந்தே செய்த குற்றம். ஆனால் தெரியாமல் ஒருவர் கடல் வால்வைத் திறந்தாலும் கடலில் மிதக்கும் எண்ணெய்ப் படலம் ஒன்றுதான்.

ஆகவே 'வெளியேற்று' என்ற சொல்லைத் தாளிலிருந்தே எடுத்துவிடுவது நல்லது. குழியிலிருந்து தொட்டிக்கு என்றால் 'மாற்று'. கப்பலுக்கு வெளியே என்றால் 'கடலில் விடு'. இரண்டும் எளிய சொற்கள், ஒன்றை மற்றொன்றாகப் படிக்க வழியில்லை.

தமிழ் வாக்கிய அமைப்பு இன்னொரு பொறி வைக்கிறது. நம் மொழியில் மறுப்பு கடைசியில் வருகிறது. 'தலைமைப் பொறியாளரின் அனுமதி இல்லாமல் ஓவர்போர்டு வால்வைத் திறக்க வேண்டாம்' என்ற வரியில் தாளின் வலது ஓரம் எண்ணெய்க் கறை பட்டு மறைந்தால் மிஞ்சுவது 'வால்வைத் திறக்க' மட்டும். ஆங்கிலத்தில் தடை முதல் சொல்லிலேயே வந்துவிடும். தமிழில் ஒவ்வொரு தடை வரிக்கும் முன்னால் 'தடை' என்று தடித்த எழுத்தில் போட்டுவிட்டால் இது தீரும்.

இதே அமைப்பு வேறோர் இடத்தில் நமக்கு உதவுகிறது. எந்திர அறைக்குள் கடல்நீர் பெருகினால், சாதாரண பில்ஜ் பம்பு போதாதபோது, பெரிய கடல்நீர்ப் பம்பையே அறையிலிருந்து நேரடியாக இழுக்கச் செய்வார்கள். இதற்கு எமர்ஜென்சி பில்ஜ் சக்‌ஷன் வால்வு என்று பெயர். ஓடும் பம்பில் முதலில் இந்த வால்வைத் திறக்க வேண்டும். பிறகு பம்பின் கடல் சக்‌ஷன் வால்வை மெல்ல மூட வேண்டும். முறை மாறினால் பம்பு நீரின்றிக் காற்றில் சுற்றும். ஆங்கில வரிகளில் 'இதை மூடு, அதைத் திறந்த பிறகு' என்று தலைகீழாகவும் வரும். தமிழில் 'திறந்து, பிறகு மெல்ல மூடவும்' என்று எழுதினால் சொல்லின் வரிசையே கையின் வரிசை. மூலத்தை வரிக்கு வரி பின்பற்றுபவர் இந்த வசதியை வீணாக்குகிறார். கப்பலையும் உயிரையும் காக்க எண்ணெய் நீர் கடலுக்குப் போவதை மார்போல் விலக்காக ஏற்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மேலே படித்த தடை நினைவுக்கு வந்து கை தயங்கும்.

அளவு பார்க்கும் வரிக்கு ஓர் எச்சரிக்கை. தொட்டியில் எவ்வளவு நீர் உள்ளது என்று கோலோ நாடாவோ இறக்கிப் பார்ப்பதற்கு ஆங்கிலத்தில் சவுண்டிங் என்பார்கள். அகராதியைப் பார்ப்பவர் ஒலியில் போய் விழுவார். 'ஆழம் பார்' என்றால் முடிந்தது.

பாலஸ்டுக்கு வருவோம். அந்நாளில் சுமையில்லாத கப்பலின் அடியில் கல்லும் மணலும் போட்டார்கள். இன்று தொட்டிகளில் கடல்நீர் நிரப்புகிறார்கள். 'அடிபாரம்' என்று பெயர்த்தால் பழமைக்குப் பொருந்தும், ஆனால் துறைமுகத்தில் 'பாரம்' என்றாலே சரக்கு. 'சமநிலை நீர்' என்பது கேட்க நன்றாயிருக்கிறது, எனக்கும் ஒரு காலத்தில் பிடித்திருந்தது. அதன் குறை, கப்பல் ஒரு பக்கம் சாயாமல் நிமிர்ந்திருந்தால் வேலை முடிந்தது என்று எண்ண வைப்பது. பாலஸ்ட் நீர் அதற்கு மட்டுமல்ல. சுழலி நீருக்குள் அமிழவும், எடையின் மையம் தாழ்ந்து, சாய்ந்த கப்பல் மீண்டும் நிமிரவும் அதுவே ஆதாரம்.

கார்கள் ஏற்றும் கப்பலில் இந்த வேறுபாடு கண்கூடு. 2019 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவின் பிரன்சுவிக் துறைமுகத்திலிருந்து 4,100-க்கும் மேற்பட்ட வாகனங்களோடு கிளம்பிய கோல்டன் ரே, வலப்பக்கம் திரும்பும்போது இடப்பக்கம் சாய்ந்து கவிழ்ந்தது. கிளம்பும்போது அது நிமிர்ந்தே நின்றது. பாலஸ்ட் தொட்டிகளின் அளவு, நிலைப்புக் கணக்கிடும் கணினியில் தவறாகப் பதிவாகியிருந்ததை அமெரிக்க விசாரணை கண்டது. நிலைப்புக்குத் தேவையான நீர் உண்மையில் இல்லை. திறந்துவிடப்பட்டிருந்த நீர்புகாக் கதவுகள் வழியே வெள்ளம் புகுந்து, எந்திர அறையிலிருந்த நால்வரின் வழி அடைபட்டது. மறுநாள்தான் அவர்கள் மீட்கப்பட்டனர். அந்தத் தவறு மொழிபெயர்ப்பால் வந்ததன்று. ஆனால் 'சமநிலை' என்ற சொல்லை மனத்தில் வைத்து அந்தக் கப்பலைப் பார்ப்பவருக்குக் குறை எதுவும் தெரிந்திருக்காது. ஆகவே தாளில் 'பாலஸ்ட் நீர்' என்றே விட்டு, முதல் முறை வரும்போது 'கப்பல் சாய்ந்தால் நிமிரவும், போதிய அளவு அமிழவும் தொட்டிகளில் ஏற்றும் கடல்நீர்' என்று ஒரு வரி விளக்கம் தருவதே சரியென்று படுகிறது. இந்தத் தொழிற்பகுதி வாசகருக்கு இன்னொரு காரணமும் உண்டு: டியூப்லைட் சோக்கையும் ரயில்பாதை ஜல்லியையும் ஆங்கிலத்தில் பாலஸ்ட் என்றே சொல்வார்கள். விளக்கம் இல்லாவிட்டால் இவற்றில் ஒன்று குறுக்கே வரும்.

மேற்சொன்னபடி எழுதினால் தாளின் நடு வரிகள் இப்படி இருக்கும்:

வாட்ச் ஏற்கும் முன் ஒவ்வொரு பில்ஜ் குழியின் ஆழத்தையும் பார்த்துப் பதிவேட்டில் எழுதவும். முந்தைய வாட்சை விட நீர் வேகமாக ஏறினால் உடனே பொறியாளரிடம் சொல்லவும்.

பொறியாளர் சொன்ன பிறகே பில்ஜ் நீரைக் குழியிலிருந்து பில்ஜ் ஹோல்டிங் டேங்க்குக்கு மாற்றவும். மாற்றும் முன் டேங்க்கில் இடம் இருக்கிறதா என்று ஆழம் பார்க்கவும்.

தடை: ஓவர்போர்டு வால்வைத் தொட வேண்டாம். பில்ஜ் நீரைக் கடலில் விடுவது பொறியாளரின் வேலை.

பாலஸ்ட் நீரை ஏற்றும்போதும் இறக்கும்போதும் எந்தத் தொட்டி, எத்தனை மணிக்கு, எவ்வளவு ஆழம் என்று எழுதவும். கணக்கில் உள்ள அளவும் கோலில் கண்ட அளவும் ஒத்துவராவிட்டால் பம்பை நிறுத்தும்படி பொறியாளரிடம் கேட்கவும்.

வெள்ளம் வந்து பொறியாளர் ஆணையிட்டால்: கடல்நீர்ப் பம்பு ஓடட்டும். எமர்ஜென்சி பில்ஜ் சக்‌ஷன் வால்வைத் திறந்து, பிறகு கடல் சக்‌ஷன் வால்வை மெல்ல மூடவும்.