திருப்பிப் போட்டாலும் தெரியாத பிழைகள்

படிவம் நான்கு, ஐந்து மாணவர்கள் பலர் மலாயில் யோசித்ததைச் செயலியில் போட்டுத் தமிழாக்கிக்கொண்டு வருகிறார்கள். சரிபார்த்தாயா என்று கேட்டால், "பார்த்தேன் டீச்சர், திருப்பிப் போட்டும் பார்த்தேன், அதே அர்த்தம்தான் வந்துச்சு" என்ற பதில் தயாராக இருக்கும். வந்த தமிழை மறுபடியும் மலாய்க்கோ ஆங்கிலத்துக்கோ மாற்றி, முதலில் எழுதியதோடு ஒத்துப்போனால் சரி என்று முடிவு செய்வதுதான் இவர்கள் அறிந்த ஒரே சோதனை. எண், தேதி, விடுபட்ட வாக்கியம் போன்றவற்றைப் பிடிக்க அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் தமிழ் வாசிப்பவரை முகம் சுளிக்க வைக்கும் பிழைகளை அது கண்டுபிடிப்பதில்லை. சில இடங்களில் சரியான தமிழையே தப்பு என்றும் காட்டிவிடும்.

ஓர் அழைப்புக் கடிதத்தை எடுத்துக்கொள்வோம். பள்ளிக் கூட்டுப்பணிக்கு முன்னாள் மாணவர்களை அழைத்து ஒரு மாணவர் முதலில் மலாயில் எழுதி, செயலி வழியாகப் பெற்ற தமிழ் இது:

"ஐந்தாம் படிவ மாணவர்களாகிய நாங்கள் இந்தச் சனிக்கிழமை கூட்டுப்பணி நடத்துகிறோம். எங்கள் பள்ளியைச் சுத்தம் செய்ய வாருங்கள். முதல்வர் நிகழ்ச்சியை அதிகாரப்பூர்வமாக்குவார். அவள் காலை 8 மணிக்கு வருவாள். நாம் காலை உணவைத் தயாரிப்போம். என் மூத்த சகோதரரும் இளைய உடன்பிறப்பும் உதவுவார்கள்."

எழுத்துப்பிழை இல்லை. எழுவாயும் பயனிலையும் பொருந்துகின்றன. ஒற்றுகூட ஒழுங்காக இருக்கிறது. சிவப்பு மையால் வட்டம் போட்டுப் பழகிய கை இங்கே கொஞ்சம் தடுமாறும். நாம் மதிப்பெண் குறைக்கும் வழக்கமான இடங்கள் எதுவும் இதில் இல்லையே!

முதலில் 'எங்கள் பள்ளி'. படித்த பள்ளியைச் சுத்தம் செய்ய வரச் சொல்லும்போது 'எங்கள்' என்றால், அது உங்களுடையது அல்ல என்று வாசலிலேயே சொல்வதுபோல் ஆகிவிடும். 'நம் பள்ளி' என்பதே வேண்டும். ஐந்தாம் வாக்கியத்தில் நடப்பது நேர் எதிர்: 'நாம் காலை உணவைத் தயாரிப்போம்' என்றால் வரும் விருந்தினரும் அடுப்படிக்கு வர வேண்டும் என்று பொருள். கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் 'நாம்' உளப்பாட்டுத் தன்மைப் பன்மை. கேட்பவரை விலக்கி நிற்பது 'நாங்கள்'. இலக்கணப் பாடத்தில் ஒரு வரியில் கடந்துபோகும் இந்த வேறுபாடு, கடிதத்தில் உறவையே மாற்றிவிடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், மாணவர் எழுதிய மலாயில் இந்த வேறுபாடு தெளிவாக இருந்தது. 'கீத்தா' என்றால் நாம், 'காமி' என்றால் நாங்கள். பள்ளிக்குக் 'கீத்தா' என்றும் உணவுக்குக் 'காமி' என்றும் அவர் சரியாகவே எழுதியிருந்தார். அது தொலைந்தது வழியில்தான். மொழிபெயர்ப்புச் செயலிகள் பல மொழி இணைகளுக்கு ஆங்கிலத்தை இடைப்பாலமாக வைத்து இயங்கியவை. நேரடியாகப் பெயர்ப்பவையும் பெருமளவு ஆங்கிலம் சார்ந்த தரவில் பழகியவை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'வீ' ஒன்றுதான். அந்தச் சல்லடையில் விழுந்தபின், தமிழ்ப் பக்கம் வரும்போது செயலி ஊகித்தே ஆக வேண்டும். ஒரு வாக்கியத்தில் ஊகம் பலிக்கும், அடுத்ததில் பலிக்காது. மேலே உள்ள கடிதத்தில் முதல் வாக்கியத்து 'நாங்கள்' சரியாக விழுந்திருக்கிறது, பாருங்கள்.

இப்போது இதைத் திருப்பிப் போடுங்கள். 'எங்கள் பள்ளி' என்றாலும் 'நம் பள்ளி' என்றாலும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான் வரும். ஒத்துப்போகிறது, ஆகவே சரி என்று மாணவர் நினைப்பதில் வியப்பில்லை. வினைமுற்றும் காட்டிக்கொடுக்காது, நாம் தயாரிப்போம், நாங்கள் தயாரிப்போம், இரண்டுக்கும் '-ஓம்' விகுதியே. எனவே பிழைதிருத்திச் செயலிகளுக்கும் இது பெரும்பாலும் சிக்காது.

அடுத்து முதல்வர். மாணவர் எழுதியது 'பெலியாவ்', மரியாதைக்குரியவரைக் குறிக்கும் மலாய்ச் சொல். ஆங்கிலத்தில் அது 'ஷீ' ஆகி, தமிழுக்கு 'அவள்' என்று இறங்கியிருக்கிறது. பள்ளி முதல்வரை 'அவள் வருவாள்' என்று எழுதிய கடிதம் முன்னாள் மாணவர் கைக்குப் போயிருந்தால் என்னாகும்? திருப்பிப் போட்டால் 'ஷீ' என்றே வரும், சரிபோலத் தெரியும். அதை 'அவர் வருவார்' என்று திருத்திவிட்டுத் திருப்பிப் போட்டால்தான் சிக்கல். 'அவர்' என்ற சொல்லில் ஆண், பெண் வேறுபாடு இல்லை. ஆங்கிலத்துக்குப் போகும்போது பல தடவை 'ஹீ' என்று வந்துவிடும். முதல்வர் ஆணாகிவிட்டாரே என்று பயந்து மாணவர் மறுபடியும் 'அவள்' என்று மாற்றுவார். சோதனையே பிழையைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறது.

'அதிகாரப்பூர்வமாக்குவார்' வேறு வகை. மலாயில் 'மெராஸ்மிகான்' என்பது 'ராஸ்மி', அதாவது அதிகாரப்பூர்வம், என்ற அடியிலிருந்து பிறந்த சொல். நிகழ்ச்சி என்று வரும்போது தமிழர் சொல்வது 'தொடக்கி வைப்பார்' அல்லது 'திறந்து வைப்பார்'. சொல்லுக்குச் சொல்லாகப் போனது, திருப்பினால் சொல்லுக்குச் சொல்லாகவே திரும்பி வரும். அதனால் இயல்பற்ற தொடர் எவ்வளவு அச்சுப்பிசகாமல் பெயர்க்கப்பட்டிருக்கிறதோ, அவ்வளவு நன்றாக இந்தச் சோதனையில் தேறிவிடும். இதற்கு ஏற்ற சோதனை, சந்தேகப்படும் தொடரை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடி, யார் அப்படி எழுதுகிறார்கள் என்று பார்ப்பது. நம் நாளிதழ்ச் செய்தியில் ஒரு தலைவர் நிகழ்ச்சியை 'அதிகாரப்பூர்வமாக்கி' இருக்கிறாரா, 'தொடக்கி வைத்து' இருக்கிறாரா? எத்தனை முடிவுகள் வந்தன என்ற எண்ணிக்கையை மட்டும் நம்பக்கூடாது. இயந்திரத் தமிழில் அமைந்த விற்பனைப் பக்கங்கள் இணையத்தில் ஏராளம். தப்பான தொடருக்கும் கூட்டம் சேர்ந்துவிடுகிறது.

'நாம்', 'அவள்' வகைப் பிழைகளுக்குத் தேடல் உதவாது, ஏனென்றால் அந்தச் சொற்கள் தம்மளவில் நல்ல தமிழ். அங்கே செய்ய வேண்டியது, மூலத்தைச் செயலியில் போடுவதற்கு முன்பே ஆட்களைச் சுட்டும் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே கோடிட்டு, யார் யாரிடம் யாரைப் பற்றிச் சொல்கிறார் என்று பென்சிலால் குறிப்பது. 'கீத்தா' வந்த இடத்தில் நாம், 'காமி' வந்த இடத்தில் நாங்கள், 'பெலியாவ்' வந்த இடத்தில் அவர். தமிழ் வந்தபின் அந்தக் குறிப்போடு மட்டும் ஒப்பிட வேண்டும். வினைமுற்றையும் சேர்த்துத்தான்: 'அவள்' என்பதை 'அவர்' ஆக்கிவிட்டு 'வருவாள்' என்பதை விட்டுவிடும் மாணவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. ஒரு பக்கக் கடிதத்துக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. மூலம் ஆங்கிலத்தில் இருந்தால் இந்தக் குறிப்பு இன்னும் அவசியம், அங்கே 'வீ'யைப் பார்த்து எதுவும் தெரியாது. பேச்சு மலாயில் 'கீத்தா' என்பதையே இரண்டுக்கும் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்போது மலாய்ச் சொல்லையும் நம்பாமல் எழுதியவரின் எண்ணத்தைத்தான் கேட்க வேண்டும்.

கடைசி வாக்கியத்து 'இளைய உடன்பிறப்பு' அப்படிக் கேட்க வேண்டிய ஒன்று. வீட்டில் யாரும் யாரையும் இப்படிச் சொல்வதில்லை. 'அபாங்' அண்ணன் என்பது உறுதி, அதை 'மூத்த சகோதரர்' என்று நீட்ட வேண்டியதில்லை. ஆனால் 'அடேக்' தம்பியாகவும் இருக்கலாம், தங்கையாகவும் இருக்கலாம், மலாயில் அது இல்லை. இங்கே செயலியைக் குறை சொல்ல முடியாது. விடைத்தாளைத் திருத்தும் ஆசிரியருக்கும் அது தெரியாது. 'தங்கை' என்று நானாகத் திருத்திக் கொடுத்தால் அதுவும் ஓர் ஊகமே. ஓரத்தில் 'தம்பியா, தங்கையா?' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். தம்பியாம்.