ஏறும் பாட்டும் விற்கும் சேலையும்

தென்னேரியில் பட்டுச்சேலை விற்கும் ஒருவர், இன்ஸ்டாகிராமில் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டுக்குத் தானும் ரீல் போடலாமா என்று யோசிக்கிறார். அந்த ஒலியின் பக்கத்தைத் திறந்து, எத்தனை ரீல்கள் என்று பார்த்து முடிவெடுப்பதுதான் இப்போதைய வழக்கம். ஆனால் அந்த எண் மொத்தக் கணக்கு. பாட்டின் மவுசு போன பிறகும் அது ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் குறித்துவைத்தால்தான் உண்மை தெரியும். 10,000 ரீல்கள் 16,000 ஆகி, அடுத்து 19,000 ஆனால், மொத்தம் கூடியிருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவையோ 6,000-லிருந்து 3,000 ஆகக் குறைந்துவிட்டன. அலை இறங்குகிறது, விட்டுவிடலாம். இந்த முறையின் உண்மையான பலம் இதுதான்: வீண் உழைப்பைத் தடுக்கிறது.

ஆனால் 'போடலாம்' என்று சொல்ல அதற்குத் தகுதி போதாது. 2023 ஜூலை 6 அன்று 'ஜெயிலர்' படத்தின் 'காவாலா' பாட்டு வந்தது. தமன்னாவின் ஆட்ட அசைவை ஊரே ஆடிக் காட்டியது. ஏற்றத்தை மட்டும் பார்த்தால் தயங்கவே காரணமில்லை. ஆனால் பதினோரு நாளில் ஆடி பிறந்துவிட்டது. முகூர்த்தம் இல்லாத மாதம். பார்ப்பவர் பெருகிய நேரத்தில் கல்யாணப் பட்டு தேடுபவர் குறைவு. போதாக்குறைக்கு, அந்த ரீலில் கண் போவது அசைவின் மேல். ஜரிகையின் மேல் அல்ல. எத்தனை பேர் ஆடினார்கள் என்று எண் சொல்லும், எத்தனை பேர் சேலை எடுப்பார்கள் என்று சொல்லாது.

அதே ஆண்டு தீபாவளியை ஒட்டிப் பரவிய 'ஜஸ்ட் லுக்கிங் லைக் எ வாவ்' வேறு கதை. டெல்லியில் சல்வார் விற்ற ஒரு பெண், தன் சரக்கைப் புகழ்ந்து பேசிய பேச்சு அது. தீபிகா படுகோனே வரை அதற்கு வாயசைத்தார்கள். துணியைக் காட்டுவதற்கென்றே பிறந்த ஒலி, துணி எடுக்கும் பருவத்தில் வந்தது. இந்தப் பொருத்தம் எந்த எண்ணிக்கையிலும் தெரியாது.

இன்னொரு தடை உரிமை. வணிகக் கணக்குகளுக்குப் பல சினிமாப் பாடல்கள் கிடைப்பதில்லை. சொந்தக் கணக்கில் போட்டாலும், விற்பனைக்காகப் பயன்படுத்த உரிமம் வேண்டும். இல்லையென்றால் ஒலி அடைக்கப்படலாம். ஒலிக்குப் பதில் ஹேஷ்டேக்கைப் பிடித்தால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அதன் மொத்த எண்ணும் இதே போல் ஏமாற்றும்.

எனவே கேள்விகளின் வரிசையை மாற்ற வேண்டும். இந்த ஒலி சேலையைக் காட்டுமா, பருவம் சரியா, உரிமை உண்டா என்று முதலில் கேட்கலாம். மூன்றுக்கும் ஆம் என்றால் மட்டும் எண்ணைக் குறிக்கத் தொடங்கலாம். பட்டுச்சேலை நெய்து முடிய வாரக்கணக்கில் ஆகும். அலைக்கென்று புதிதாக ஒன்றை நெய்ய முடியாது. கையிலிருக்கும் சேலைக்கு ஏற்ற ஒலியைத்தான் தேட முடியும்.